திரும்பி வந்த பேமென்ட்: சப்ளையருக்கு மெயில் எழுதி வங்கி விவரம் கேட்பது எப்படி?

கயல்_கணக்கு

வணக்கம். ஒரு சப்ளையருக்கு 4 இன்வாய்ஸ் சேர்த்து 48,600 அனுப்பினோம். இன்வாய்ஸ் தொகைகள் 12,400, 9,800, 15,150, 11,250. மூன்றாம் நாள் பணம் திரும்பி வந்துவிட்டது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் காரணக் குறியீடு AC04 என்று இருக்கிறது. வந்து சேர்ந்தது 48,575 மட்டும்.

சப்ளையருக்கு அனுப்ப இப்படி ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன்:

> பொருள்: அவசரம் - பேமென்ட் ரிட்டர்ன் - வங்கி விவரம் தேவை
>
> ஐயா, உங்களுக்கு அனுப்பிய 48,600 திரும்பி வந்துவிட்டது. எங்களிடம் உள்ள உங்கள் கணக்கு எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன், சரிதானா என்று பார்க்கவும். கணக்கு மாறியிருந்தால் புதிய விவரத்தை இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்பவும். இன்று மாலைக்குள் அனுப்பினால் இன்றே பணத்தை அனுப்பிவிடுவோம்.

மேனேஜரிடம் காட்டினேன். "நம்பகமான வழியில் சரிபார்த்து வாங்கு, இப்படி வேண்டாம்" என்றார். நம்பகமான வழி என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? மெயிலில் எதை மாற்ற வேண்டும்?

---

பேரேடு

கயல், இந்த மெயிலை வாங்குகிறவர் இடத்தில் நின்று ஒரு தடவை படியுங்கள். தலைப்பில் அவசரம், பணம் திரும்பி வந்த செய்தி, பதில் மெயிலில் வங்கி விவரம் அனுப்பச் சொல்லும் கோரிக்கை, மாலைக்குள் என்ற கெடு. மோசடி மெயில் எழுதுகிறவனும் இதே நான்கையும் வைத்துத்தான் எழுதுவான். உங்கள் சப்ளையர் விவரம் தெரிந்தவராக இருந்தால் பதிலே போட மாட்டார். விவரம் தெரியாதவராக இருந்தால் பதில் போடுவார். ஆனால் அந்தப் பதில் அவரிடமிருந்துதான் வந்தது என்று உங்களால் சொல்ல முடியாது.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சப்ளையரின் மெயில் பெட்டிக்குள் வேறு ஆள் புகுந்திருந்தால், உங்கள் மெயிலை முதலில் படிப்பது அவன்தான். "எங்களுக்குப் புதுக் கணக்கு எண் வேண்டும், வந்த உடனே பணம் அனுப்புகிறோம்" என்று அவனுக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும். அவன் பதில் போடுவதும் அதே முகவரியிலிருந்துதான். அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்கும் SPF, DKIM எல்லாம் சரியாகவே காட்டும், ஏனென்றால் மெயில் உண்மையாகவே அந்தப் பெட்டியிலிருந்துதான் கிளம்புகிறது.

அதனால் மெயிலின் வேலை தகவல் சொல்வது மட்டும். கணக்கு எண் கேட்பதற்கோ சரிபார்ப்பதற்கோ மெயிலை வைத்துக்கொள்ளக் கூடாது. அது போனில், உங்களிடம் முன்பே இருக்கிற எண்ணுக்கு நீங்கள் அழைத்து நடக்க வேண்டும்.

மெயிலைத் திருத்துவதற்கு முன் அந்தக் குறியீட்டைப் பாருங்கள். AC04 என்றால் மூடப்பட்ட கணக்கு. எண் சரியாக இருந்திருக்கிறது, கணக்குதான் இப்போது இல்லை. ஆக, சப்ளையரிடம் கேட்டே ஆக வேண்டும். AC01 வந்திருந்தால் கதை வேறு. அது தவறான கணக்கு எண். அப்போது சப்ளையரைத் தொடுவதற்கு முன், வங்கிக்குப் போன பேமென்ட் ஃபைலில் இருந்த எண், வெண்டர் மாஸ்டரில் இருக்கும் எண், சப்ளையர் முதலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்தில் உள்ள எண், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கும், அல்லது எக்செல் முன்னால் இருந்த பூஜ்யத்தை விழுங்கியிருக்கும். பிழை நம்முடையது என்றால் சப்ளையரிடம் கேட்க எதுவுமே இல்லை. படிவத்தைக் காட்டி மாஸ்டரைத் திருத்தி ஒப்புதல் வாங்கினால் போதும்.

---

சரவணன்_டிரெஷரி

மேலே சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒண்ணு, குறியீட்டை நூறு சதவீதம் நம்ப வேண்டாம். அந்தப் பக்கத்து வங்கி எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்குதோ அதுதான் உங்களுக்கு வரும். சில வங்கிகள் எதற்கெடுத்தாலும் MS03 போட்டுவிடும், அதாவது காரணம் சொல்லவில்லை என்று அர்த்தம். அப்படி வந்தால் சப்ளையருக்கு எழுதுவதற்கு முன்னால் உங்கள் வங்கியிடம் கேளுங்கள், அவர்கள் அந்தப் பக்கத்து வங்கியிடம் விசாரித்துச் சொல்வார்கள். AC06 வந்தால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. அதைச் சப்ளையரிடம் பேசும்போது கொஞ்சம் பக்குவமாகப் பேசணும், அவங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

இரண்டாவது, வந்திருக்கிறது உண்மையில் அந்த பேமென்ட்டின் ரிட்டர்ன்தானா என்று பாருங்கள். ரிட்டர்ன் செய்தியில் மூலப் பரிவர்த்தனையின் ரெஃபரன்ஸ் கூடவே வரும். நீங்கள் அனுப்பும்போது போட்ட EndToEndId ரிட்டர்னில் அப்படியே திரும்பி வந்திருந்தால் சந்தேகமில்லை. தொகை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். வேறு யாரோ உங்களுக்குக் கட்டிய பணத்தை ரிட்டர்ன் என்று எடுத்துக்கொண்டு சப்ளையருக்கு இரண்டாம் முறை அனுப்பிவிட்டால், அதைத் திரும்ப வாங்குவது பெரிய வேலை.

அந்த 25 குறைந்தது வழியில் எந்த வங்கியோ பிடித்த கட்டணம். எந்த வங்கி என்று உங்கள் வங்கி சொல்லிவிடும்.

---

மீனா_பர்ச்சேஸ்

இவ்வளவு சுற்ற வேண்டுமா? சப்ளையர் கணக்கை மாற்றினால் அடுத்த இன்வாய்ஸில் புதுக் கணக்கு எண்ணை அச்சடித்து அனுப்பிவிடுவாரே. கடைசியாக வந்த இன்வாய்ஸைப் பாருங்க கயல். அதில் இருந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். இன்வாய்ஸ் அவர்களுடைய அதிகாரபூர்வமான ஆவணம்தானே.

---

கயல்_கணக்கு

மீனா மேடம், நீங்கள் சொன்ன பிறகு எடுத்துப் பார்த்தேன். போன வாரம் வந்த ஐந்தாவது இன்வாய்ஸில் கீழே உள்ள வங்கி விவரம் மாறித்தான் இருக்கிறது. வேறு வங்கி, வேறு கணக்கு எண். திரும்பி வந்த 4 இன்வாய்ஸிலும் பழைய கணக்கு. ரெஃபரன்ஸையும் பார்த்துவிட்டேன், சரவணன் சார் சொன்ன EndToEndId பொருந்துகிறது.

பழைய கணக்கு மூடியிருக்கிறது, புது இன்வாய்ஸில் புதுக் கணக்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதே, இனியும் போன் செய்ய வேண்டுமா?

---

இளங்கோ_ஆடிட்

செய்ய வேண்டும். ஒத்துப்போவதால் இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

உங்கள் கையில் இருப்பவற்றை எங்கிருந்து வந்தன என்று பிரித்துப் பாருங்கள். AC04 வங்கியிடமிருந்து வந்தது. அதைச் சப்ளையர் மெயிலில் இருக்கும் யாரும் பொய்யாக உண்டாக்க முடியாது. பழைய கணக்கு மூடியது உண்மை. ஆனால் புதுக் கணக்கு யாருடையது என்பதற்கு AC04 சாட்சி இல்லை. அதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் மெயிலில் இணைப்பாக வந்த ஒரு பிடிஎஃப். அதன் அடியில் உள்ள நான்கு வரிகளை மாற்ற ஐந்து நிமிடம் போதும். எழுத்துரு, லோகோ, இன்வாய்ஸ் எண் வரிசை எல்லாம் அசலாகவே இருக்கும், ஏனென்றால் இன்வாய்ஸ் அசல்தான்.

சப்ளையர் தன் வங்கிக்கு "கணக்கை மூடுங்கள்" என்று எழுதிய மெயிலும் அதே பெட்டியில் கிடக்கலாம். உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பவன் சரியான நேரம் பார்த்து இன்வாய்ஸை மாற்றுவான். நேரம் பொருந்துவதை அவனே ஏற்பாடு செய்ய முடியும் என்பதால் அது சாட்சியாகாது.

ஆடிட்டில் நான் பார்ப்பது இது ஒன்றுதான்: வங்கி விவரம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியைத் தவிர்த்து, வேறு ஒரு வழியில் உறுதி செய்யப்பட்டதா? இன்வாய்ஸ் மெயிலில் வந்தது. உறுதி செய்ததும் மெயிலில் என்றால் உறுதி செய்யவில்லை என்றே எழுதுவேன்.

---

வேல்முருகன்

ரொம்ப எளிய வழி இருக்குங்க. புதுக் கணக்குக்கு 1 மட்டும் அனுப்பிப் பாருங்க. போய்ச் சேர்ந்தால் கணக்கு சரி. பிறகு மீதியை அனுப்பலாம். நாங்க எல்லா சப்ளையருக்கும் இப்படித்தான் பண்றோம், போன் எல்லாம் இல்லை.

---

பேரேடு

வேல்முருகன், சோதனைத் தொகை நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. 1 போய்ச் சேர்ந்தால் அந்த எண்ணில் ஒரு கணக்கு உயிரோடு இருக்கிறது என்று தெரியும். அது யாருடைய கணக்கு என்று தெரியாது. மோசடிக்காரனின் கணக்கிலும் 1 அழகாகப் போய்ச் சேரும். "வந்து சேர்ந்தது, நன்றி" என்று மெயிலும் வரும்.

அதைக் கொஞ்சம் மாற்றினால் பயனுண்டு. 1 என்று முழுத் தொகையாக அனுப்பாமல் 1.37 மாதிரி ஊகிக்க முடியாத தொகையாக அனுப்புங்கள். தொகையைச் சப்ளையரிடம் சொல்லாதீர்கள். பிறகு நீங்கள் உங்களிடமுள்ள எண்ணுக்கு அழைத்து, எவ்வளவு வந்திருக்கிறது என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணில் எடுத்தவர் அந்தக் கணக்கைப் பார்க்க முடிகிறவர் என்று அப்போது தெரியவரும். போன் இல்லாமல் இதில் பாதிதான் கிடைக்கும்.

பெயரையும் கணக்கு எண்ணையும் பொருத்திப் பார்க்கும் வசதி சில வங்கிகளில் உண்டு. உங்கள் வங்கியில் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். பொருந்தவில்லை என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பொருந்துகிறது என்று வந்தாலும் போனை விட வேண்டாம், ஒத்த பெயரில் கணக்கு திறந்து வைத்திருக்க முடியும். அந்த வசதி இல்லாத இடத்தில், பெயர் பெட்டியில் நீங்கள் என்ன தட்டினாலும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் போகும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

---

சுந்தரம்_சப்ளை

நான் எதிர்ப்பக்கம். பொருள் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்கிறோம், நீங்கள் எல்லாரும் சேர்ந்து பணத்தை நிறுத்தி வைக்க வழி தேடுகிறீர்களே என்று வருத்தமாக இருக்கிறது. எனக்கும் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து போன வாரம் இதே மாதிரி "பேமென்ட் ரிட்டர்ன் ஆகிவிட்டது, வங்கி விவரம் அனுப்புங்கள்" என்று மெயில் வந்தது. எங்கள் கணக்கு மாறவே இல்லை. பதில் போடலாமா வேண்டாமா?

---

பேரேடு

சுந்தரம் ஐயா, இங்கே யாரும் பணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பணம் உங்களுக்கே வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். வேறு ஆளிடம் போய்விட்டால் பெரும்பாலும் திரும்பி வராது. அதன் பிறகு நீங்களும் வாடிக்கையாளரும் யார் நஷ்டம் என்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

உங்கள் மெயிலுக்குப் பதில் போடாதீர்கள். அவர்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் அல்லது ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து அக்கவுண்ட்ஸ் பிரிவைக் கேளுங்கள். மெயிலில் உள்ள எண் வேண்டாம். எந்த இன்வாய்ஸ், எந்தத் தேதியில் அனுப்பினார்கள், என்ன காரணத்தால் திரும்பியது என்று கேளுங்கள். உண்மையென்றால் அவர்களால் உடனே சொல்ல முடியும். உங்கள் கணக்கு மாறவில்லை என்பதால், அவர்கள் பக்கம் எண் தவறாக இருக்கலாம். அல்லது மெயிலே போலியாக இருக்கலாம்.

உங்கள் விவரத்தை வாங்கியவன் உடனே உங்கள் கணக்கிலிருந்து எடுக்க முடியாமல் போகலாம். ஆனால் உங்கள் பெயர், கணக்கு எண், கையெழுத்து உள்ள கடிதம் எல்லாம் கிடைத்தால், உங்கள் மற்ற வாடிக்கையாளர்களிடம் போய் "இது எங்கள் பழைய கணக்கு, இனி இந்தப் புதிய கணக்கு" என்று நம்பும்படி சொல்ல அவனுக்கு அது போதும்.

---

கயல்_கணக்கு

புரிந்தது. அப்படியானால் மெயிலே வேண்டாமா? நேராகப் போனை எடுத்துவிடலாமா?

---

பேரேடு

மெயில் வேண்டும். பணம் அனுப்பிய அன்றே அவர்களுக்கு பேமென்ட் அட்வைஸ் போயிருக்கும். அதை வைத்து அவர்கள் 4 இன்வாய்ஸையும் வரவு வைத்து மூடியிருப்பார்கள். பணம் திரும்பிவிட்டது என்று எழுத்தில் சொல்லாவிட்டால் அவர்கள் கணக்கு தவறாகவே நிற்கும். பிறகு தாமதம் ஏன் என்று கேள்வி வரும்போதும் தேதியோடு ஒரு பதிவு இருக்கும். இப்படி எழுதலாம்:

> பொருள்: 48,600 பேமென்ட் திரும்பி வந்தது தொடர்பாக - நாங்கள் போனில் அழைக்கிறோம்
>
> வணக்கம். கீழே குறிப்பிட்டுள்ள 4 இன்வாய்ஸ்களுக்காக நாங்கள் அனுப்பிய 48,600, உங்கள் வங்கியால் "கணக்கு மூடப்பட்டது" என்ற காரணத்துடன் எங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது. ஆகவே முன்பு அனுப்பிய பேமென்ட் அட்வைஸைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 4 இன்வாய்ஸ்களும் எங்கள் கணக்கில் மீண்டும் நிலுவையாக உள்ளன.
>
> உங்கள் வங்கி விவரத்தை இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்ப வேண்டாம். எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து, ஒப்பந்தத்தின்போது நீங்கள் பதிவு செய்த தொலைபேசி எண்ணுக்கு நாங்கள் அழைத்து, ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள பொறுப்பாளரிடம் விவரத்தைப் பெற்றுக்கொள்கிறோம். மெயிலில் வரும் வங்கி விவரத்தை வைத்து எங்கள் பதிவை மாற்றுவதில்லை.
>
> அழைப்பது நாங்கள்தானா என்று உறுதி செய்ய விரும்பினால், எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சாகியுள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். இந்த மெயிலில் வேண்டுமென்றே எந்த எண்ணும், இணைப்பும் தரவில்லை.
>
> சரிபார்ப்பு முடிந்ததும், ஒப்புதல் பெற்று, எங்களின் அடுத்த பேமென்ட் சுற்றில் தொகை அனுப்பப்படும்.

இதைப் பழைய மெயிலுக்குப் பதிலாக அனுப்பாமல், புதிதாகத் திறந்து, வெண்டர் மாஸ்டரில் உள்ள முகவரியைக் கையால் போட்டு அனுப்புங்கள். பழைய இழையில் முகவரி ஓர் எழுத்து மாறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, m இருக்க வேண்டிய இடத்தில் rn இருப்பதை யார் பார்க்கிறார்கள்? அந்த நிறுவனத்தில் உங்களுக்குத் தெரிந்த இன்னொருவருக்கும் நகல் போடுங்கள். பெட்டிக்குள் புகுந்தவர்கள், குறிப்பிட்ட சொல் உள்ள மெயில்கள் உரியவர் கண்ணில் படாமல் வேறு ஃபோல்டருக்குப் போகும்படி விதி எழுதி வைப்பதுண்டு. இரண்டாவது ஆளின் பெட்டியில் அது நடக்காது.

எத்தனை மணிக்கு அழைப்பீர்கள் என்று எழுதாதீர்கள். நேரம் தெரிந்தால் அதற்கு முன்னால் "நான்தான் சப்ளையர், நீங்கள் அழைப்பதாகச் சொன்னீர்களே" என்று ஒரு அழைப்பு உங்களுக்கு வரலாம்.

---

இளங்கோ_ஆடிட்

நல்ல மெயில். ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பழைய கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களைச் சேர்த்தால் சப்ளையருக்கு எந்தக் கணக்கு என்று தெரியும், அவர்களுக்கு நம்பிக்கையும் வரும். பல கணக்குகள் வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால், அந்த இலக்கங்கள் இல்லாமல் குழம்புவார்கள்.

---

பேரேடு

நான் சேர்ப்பதில்லை. மூடிய கணக்கு எது என்று அவர்களுக்கே தெரியும். மெயிலில் போன இலக்கங்கள், பிறகு போனில் அடையாளம் கேட்கும் போது பயனில்லாமல் போய்விடும். நீங்கள் சொல்லும் பல கணக்கு விஷயம் நியாயம்தான், பெரிய நிறுவனங்களுக்கு வேறு மாதிரி யோசிக்கலாம்.

---

இளங்கோ_ஆடிட்

இலக்கங்கள் போனில் அடையாளமாகவே பயன்படக் கூடாது என்பேன். பழைய கணக்கு எண் பழைய இன்வாய்ஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதைச் சரியாகச் சொன்னதால் ஒருவர் சப்ளையர் ஆகிவிட மாட்டார். நீங்கள் அழைத்த எண் எங்கிருந்து எடுத்தது என்பது மட்டும்தான் கணக்கு. சரி, இதில் இருவரும் அவரவர் வழியில் இருப்போம்.

கயல், அழைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. மாஸ்டரில் உள்ள தொலைபேசி எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அந்த எண் எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்று சேஞ்ச் லாகில் பாருங்கள். விவரமான மோசடியில் முதல் மெயில் வங்கிக் கணக்கைப் பற்றி இருக்காது. "எங்கள் அலுவலக எண் மாறிவிட்டது, குறித்துக்கொள்ளுங்கள்" என்று வரும். யாரும் ஒப்புதல் கேட்காமல் மாற்றிவிடுவார்கள். சில வாரம் கழித்து கணக்கு மாற்றம் வரும், நீங்கள் ஒழுங்காக அழைத்துச் சரிபார்ப்பீர்கள், எடுப்பது அவன். சமீபத்தில் எண் மாறியிருந்தால் ஒப்பந்தத்தில் உள்ள பழைய எண்ணுக்குப் போங்கள்.

---

பேரேடு

மிகச் சரி. இனி அழைப்பு. நீங்கள் எண்ணைப் படித்து "சரிதானா?" என்று கேட்காதீர்கள். கவனமில்லாமல் எடுத்தவர் "ஆமாம் ஆமாம்" என்றுவிடுவார். வங்கிப் பெயர், கணக்கின் பெயர், கணக்கு எண், கிளை அடையாளக் குறியீடு எல்லாவற்றையும் அவர்கள் படிக்க வேண்டும், நீங்கள் எழுத வேண்டும். எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக வாங்குங்கள். முடிந்ததும் அவர்களை இரண்டாம் முறை படிக்கச் சொல்லி, நீங்கள் எழுதியதன் மேல் விரல் வைத்துக்கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு இன்வாய்ஸில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பேசும்போது இன்வாய்ஸை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டாம். கண் அதில் இருந்தால் காது கேட்காது.

யார் போனை எடுத்தாலும் வாங்கிவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் பெயர் உள்ள உரிமையாளர் அல்லது கணக்குப் பொறுப்பாளரைக் கேளுங்கள்.

அவர்கள் உங்களைச் சந்தேகித்து "நாங்கள் திருப்பி அழைக்கிறோம்" என்றால் தாராளமாகச் சம்மதியுங்கள், அது சரியான பழக்கம். ஆனால் அப்படி உள்ளே வரும் அழைப்பில் கணக்கு எண் வாங்காதீர்கள், திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். அவர்கள் உங்கள் பொது எண்ணுக்கு அழைத்து நீங்கள் அங்கே வேலை செய்பவர் என்று உறுதி செய்துகொள்ளட்டும். பிறகு வைத்துவிட்டு, நீங்கள் மறுபடி அவர்கள் எண்ணுக்கு அழையுங்கள். இரண்டு பக்கமும் தாங்கள் தேர்ந்தெடுத்த எண்ணுக்கு ஒரு முறை அழைத்தாகிவிட்டது.

---

மீனா_பர்ச்சேஸ்

எனக்குச் சப்ளையரை நேரில் தெரியும், அடிக்கடி பேசுவோம். நான் கேட்டு வாங்கிக் கயலுக்கு மெயிலில் அனுப்பினால் ஆகாதா?

---

இளங்கோ_ஆடிட்

உங்கள் அறிமுகம் பயன்படும், மேடம். சரியான ஆளின் எண் இதுதான் என்று கயலுக்கு உறுதி சொல்லலாம், கூட்டு அழைப்பில் இருந்து குரலை அடையாளம் காட்டலாம். ஆனால் கணக்கு எண்ணை நீங்கள் வாங்கி அனுப்பினால், பொருள் வாங்குகிறவரே பணம் போகும் இடத்தையும் தீர்மானித்தது போல் ஆகும். தவறு நடந்தால் முதல் கேள்வி உங்களிடம் வரும். உங்கள் பாதுகாப்புக்காகவே அதில் இறங்காதீர்கள்.

---

கயல்_கணக்கு

நடந்ததைச் சொல்கிறேன். பேரேடு சார் சொன்ன மெயிலை அனுப்பினேன். தொலைபேசி எண்ணில் மாற்றம் எதுவும் லாகில் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள லேண்ட்லைனுக்கு அழைத்தேன், கணக்குப் பொறுப்பாளர் எடுத்தார். பழைய கணக்கை மூடியது உண்மை, வங்கி மாற்றியதும் உண்மை. எண்ணை இரண்டிரண்டாகப் படித்தார், இரண்டாம் முறையும் அதே எண்.

இன்வாய்ஸோடு ஒப்பிட்டால் ஒரு இடத்தில் மாறுகிறது. அவர் படித்தது 83, இன்வாய்ஸில் 38. மறுபடி கேட்டேன், பாஸ்புக்கைப் பார்த்துப் படித்தார், 83தான். அவர்களுடைய புது இன்வாய்ஸ் டெம்ப்ளேட்டில் தட்டச்சுப் பிழை என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. திருத்திய இன்வாய்ஸ் அனுப்புகிறார்கள். இன்வாய்ஸைப் பார்த்துப் போட்டிருந்தால் மறுபடி திரும்பியிருக்கும்.

---

சரவணன்_டிரெஷரி

திரும்பியிருந்தால் பரவாயில்லை. அந்த எண்ணில் வேறு யாருக்காவது கணக்கு இருந்திருந்தால் திரும்பாமல் போய்ச் சேர்ந்திருக்கும். IBAN மாதிரி சோதனை இலக்கம் உள்ள எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் தட்டும்போதே மாட்டிக்கொள்ளும். சாதாரணக் கணக்கு எண்ணில் அந்தக் காவல் எல்லா இடத்திலும் இல்லை.

---

பேரேடு

கயல், இனி பதிவு. அழைத்த தேதி, நேரம், நீங்கள் அழைத்த எண், அதை எந்த ஆவணத்திலிருந்து எடுத்தீர்கள், பேசியவர் பெயர், பதவி, இவற்றை ஒரு தாளில் எழுதி மாஸ்டர் மாற்றக் கோரிக்கையோடு இணையுங்கள். 83, 38 விஷயத்தையும் எழுதுங்கள். சப்ளையரின் வங்கிக் கடிதம் ஒன்றையும் வாங்கி வையுங்கள், ஆனால் அது துணை ஆவணம்தான், அழைப்புக்குப் பதில் ஆகாது. மாற்றுவது ஒருவர், ஒப்புதல் தருவது இன்னொருவர். நீங்களே அழைத்து, நீங்களே மாற்றி, நீங்களே பேமென்ட்டும் போடுவது வேண்டாம்.

கணக்கில், பழைய பேமென்ட் பதிவை அழிக்காதீர்கள். பணம் போனது உண்மை, திரும்பியதும் உண்மை, ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வரியும் இருக்கிறது. அழித்தால் வங்கி ஒப்பீட்டில் இரண்டும் அநாதையாக நிற்கும். 4 இன்வாய்ஸோடு இருந்த பொருத்தத்தை நீக்கிவிட்டு, பணம் திரும்பிய தேதியில் இப்படிப் போடுங்கள்:

```
வங்கி               பற்று  48,575
வங்கிக் கட்டணம்      பற்று      25
    சப்ளையர்         வரவு  48,600
```

4 இன்வாய்ஸும் முழுத் தொகைக்கு மறுபடி திறக்கும். போன மாதக் கணக்கை மூடிவிட்டிருந்தாலும் அதைத் திறக்க வேண்டாம், திரும்பிய தேதி எந்த மாதமோ அதில் வரட்டும். மறுபடி அனுப்பும்போது புது ரெஃபரன்ஸ் போடுங்கள். பழைய எண்ணிலேயே அனுப்பினால் இரட்டைப் பேமென்ட் என்று வங்கியோ உங்கள் சிஸ்டமோ தடுக்கலாம்.

---

சுந்தரம்_சப்ளை

நான் வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டரில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். மெயில் அவர்கள் அனுப்பியதுதான், அவர்கள் பதிவில் எங்கள் எண்ணில் முன்னால் உள்ள பூஜ்யம் இல்லாமல் போயிருக்கிறது. சரி, ஒரு கேள்வி. கயல் அம்மா விஷயத்தில் அந்த 25 யார் தலையில்?

---

இளங்கோ_ஆடிட்

ஒப்பந்தத்தில் இருந்தால் அதன்படி. இல்லையென்றால், கணக்கை மூடியதைச் சொல்லாததால் வந்த செலவு, சப்ளையரிடம் கேட்கலாம் என்பேன்.

---

பேரேடு

நான் 25க்காகக் கேட்க மாட்டேன், அதைப் பிடித்தம் செய்தால் 48,575 போகும், அவர்கள் கணக்கில் ஒரு இன்வாய்ஸ் 25 நிலுவையோடு தொங்கும், அதற்கு நான்கு மெயில் வரும். தொகை பெரிதாக இருந்தால் தனி டெபிட் நோட் போட்டுக் கேட்பேன்.

---

கயல்_கணக்கு

மேனேஜரும் கட்டணத்தை நம் செலவில் வைக்கச் சொல்லிவிட்டார். மாற்றம் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது. அதுவரை ஐந்தாவது இன்வாய்ஸையும் சேர்த்து அந்தச் சப்ளையர் கணக்குக்கே பேமென்ட் ஹோல்ட் போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் இன்றைய சுற்றில் மூடிய கணக்குக்கே மறுபடி போயிருக்கும். ஒப்புதல் வந்ததும் 1.37 மாதிரி ஒரு தொகை அனுப்பி, அதே லேண்ட்லைனுக்கு அழைத்துக் கேட்ட பிறகு 48,600 போகும்.

இன்னொரு சப்ளையர் விஷயத்தில் ஒரு சந்தேகம். தனி ஆள், ஒப்பந்தத்தில் ஒரே ஒரு மொபைல் எண், அது இப்போது உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. மெயில் மட்டும்தான் வேலை செய்கிறது. அவருக்கு எப்படி?

---

சரவணன்_டிரெஷரி

டெலிவரி முகவரிக்குப் போகும் நம்ம ஆள் மூலமாக நேரில், அடையாள ஆவணத்தோடு. அல்லது ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு சரிபார்ப்புக் கடிதம்.

---

இளங்கோ_ஆடிட்

நேரில் என்றால் சரி. தபாலில் போன கடிதத்துக்கு மெயிலில் பதில் வந்தால் மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவோம். கடிதத்தில் ஒரு குறியீட்டு எண் போட்டு, அதைப் போனில் சொல்லச் சொன்னால் ஓரளவு ஏற்கலாம். ஆனால் அந்தப் போன் எண் எங்கிருந்து வரும் என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சிறிய தொகை என்றால் நேரில் வரும்வரை நிலுவையில் வைப்பதுதான் நான் ஒப்புக்கொள்ளும் வழி.

---

வேல்முருகன்

வீடியோ அழைப்பில் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால்? இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க, எங்களுக்கும் இதே மாதிரி இரண்டு பேர் இருக்காங்க.